அம்மா வரும் முதல் வருடம்: செலவை மணி நேரத்தில் எண்ணுங்கள்

கேள்வி: என் அம்மாவுக்கு 78 வயது. தனியாக இருந்தவர், அடுத்த மாதம் எங்களோடு வந்துவிடுகிறார். சர்க்கரை, ரத்த அழுத்தம், கால் வீக்கம், முழங்கால் வலி எல்லாம் உண்டு. மூன்று டாக்டர்கள் கொடுத்த ஒன்பது வகை மருந்து சாப்பிடுகிறார். இரவில் மூன்று முறையாவது பாத்ரூம் போக எழுந்திருக்கிறார். போன வருடம் அப்படிப் போகும்போது ஒருமுறை விழுந்தும்விட்டார். நானும் கணவரும் காலை 8 மணிக்குக் கிளம்பினால் மாலை 6.30க்குத்தான் வீடு திரும்புவோம்; சனி, ஞாயிறு விடுமுறை. பகலுக்கு ஓர் ஆள், இரவுக்கு ஓர் ஆள் வேண்டும் என்கிறார் அண்ணன். குளியலறையை மொத்தமாக இடித்துக் கட்டிவிடலாம் என்கிறார் கணவர். மருந்து, ஆள், வீட்டு வேலை மூன்றுக்கும் ஒரு மாதக் கணக்குப் போட்டு 12ஆல் பெருக்கினால் முதல் வருட பட்ஜெட் சரியாக வருமா? அம்மாவுக்குச் சிறிய ஓய்வூதியம் வருகிறது. அண்ணன் பாதிச் செலவைத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

பதில்:

அன்புள்ள சகோதரி,

வராது. முதல் மூன்று மாதம் கையைக் கடிக்கும், பிறகு நான்காவது மாதம் யாராவது லீவு எடுக்கும்போது மறுபடி கடிக்கும். மாதங்களை விட்டுவிட்டு வேறு இடத்திலிருந்து தொடங்குவோம்.

முதலில் ஒரு தாளில் மணி நேரத்தை எழுதுங்கள். நீங்கள் இருவரும் இல்லாத நேரம் ஒரு நாளைக்குப் பத்தரை மணி. ஆள் வந்து பொறுப்பேற்கவும், நீங்கள் திரும்பியதும் அன்று என்ன நடந்தது என்று சொல்லிவிட்டுப் போகவும் கால் கால் மணி சேர்த்தால் 11 மணி நேரம். ஐந்து நாளைக்கு 55. இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை 8 மணி, ஏழு இரவுக்கு 56. பகலும் இரவும் ஏறக்குறைய சமமாக இருப்பதைக் கவனித்தீர்களா? நீங்கள் வேலைக்குப் போவதால் வரும் செலவு ஒரு பாதி. அம்மா இரவில் மூன்று முறை எழுந்திருப்பதால் வரும் செலவு இன்னொரு பாதி. முதல் பாதியை அவ்வளவாகக் குறைக்க முடியாது. இரண்டாவது பாதியைப் பெருமளவு குறைக்க முடியும். அதைக் குறைக்கும் வழிகள் இருப்பதோ நீங்கள் தனித்தனியாக எழுதி வைத்திருக்கும் மருந்திலும் வீட்டு வேலையிலும். அதனால்தான் இந்த மூன்றையும் மூன்று பத்தியாகப் போட வேண்டாம் என்கிறேன். மருந்திலும் வீட்டிலும் செய்யும் செலவு ஒவ்வொன்றையும் 'இதனால் ஓர் ஆளின் எத்தனை மணி நேரம் மிச்சமாகும்' என்று கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

'வீட்டோடு தங்கும் ஒருவரை வைத்துவிட்டால் இரண்டு ஆள் செலவு ஒன்றாகிவிடுமே' என்று யாராவது உங்களிடம் சொல்வார்கள். ஒரு வாரத்துக்கு மொத்தம் 168 மணி நேரம். ஒருவர் வாரம் 48 மணி வேலை செய்தால் இதை நிரப்ப மூன்றரை ஆள் தேவை. தங்கும் ஆளும் தூங்க வேண்டும். இரவில் மூன்று முறை எழுப்பப்படுபவர் மறுநாள் பகலில் கவனமாக இருக்க மாட்டார். சில வாரங்களில் சொல்லாமல் போய்விடுவார். இரவு அமைதியாக இருக்கும் வீட்டுக்குத்தான் அந்த ஏற்பாடு பொருந்தும். உங்கள் வீட்டு இரவு இப்போதைக்கு அப்படி இல்லை.

அந்த இரவை எடுத்துக்கொள்வோம். அம்மா ஏன் எழுந்திருக்கிறார்? கால் வீக்கத்துக்கு நீர் மாத்திரை கொடுத்திருக்கக்கூடும். அதை மாலையில் போட்டால் பலன் இரவில் தெரியும். கட்டுக்குள் இல்லாத சர்க்கரையும் சிறுநீரைக் கூட்டும். பகல் முழுக்கக் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தால் அங்கே தேங்கிய நீர், படுத்த பிறகு ரத்தத்துக்குத் திரும்பி வெளியேறும். சிறுநீர்த் தொற்றாகவும் இருக்கலாம். எது என்று நீங்களும் நானும் முடிவு செய்ய முடியாது, ஆனால் டாக்டர் முடிவு செய்ய உதவலாம். அம்மா வந்த முதல் வாரத்தில் மூன்று நாள் ஒரு நோட்டில் எழுதுங்கள்: எத்தனை மணிக்கு என்ன குடித்தார், எத்தனை மணிக்குச் சிறுநீர் கழித்தார், எத்தனை மணிக்கு எந்த மாத்திரை. அளவுக் குவளை வைத்து அளவையும் எழுதினால் இன்னும் நல்லது. இந்த நோட்டோடு போனால், நீர் மாத்திரையைக் காலைக்கு மாற்றலாமா, சர்க்கரை மருந்தைத் திருத்த வேண்டுமா என்று டாக்டரால் உடனே பார்க்க முடியும். நீங்களாக மாத்திரை நேரத்தை மாற்ற வேண்டாம். இதய பலவீனம், சிறுநீரகக் கோளாறு இருந்தால் அது ஆபத்தாகலாம்.

கூடவே ஒரு சோதனை. அம்மா ஐந்து நிமிடம் படுத்திருக்கும்போது ரத்த அழுத்தம் எடுங்கள். பிறகு எழுந்து நிற்கச் சொல்லி, ஒரு நிமிடத்திலும் மூன்றாவது நிமிடத்திலும் எடுங்கள். நீங்கள் ஒருவர் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் எடுக்க வேண்டும். நின்றதும் மேல் எண் 20 அல்லது அதற்கு மேலோ, கீழ் எண் 10 அல்லது அதற்கு மேலோ குறைந்தால், அவர் எழுந்தவுடன் தலைசுற்றி விழுவதற்கு அதுவே காரணமாக இருக்கலாம். அதைச் சரிசெய்யும்வரை இரவு ஆளை நிறுத்தாதீர்கள்.

ஒன்பது மருந்துகளுக்கு வருகிறேன். ஊர் மாறும்போது மருந்துச் சீட்டை மட்டும் கொண்டுவருவது வழக்கம், அது போதாது. அலமாரியில் இருப்பது எல்லாவற்றையும், கண் சொட்டு, களிம்பு, வைட்டமின், தூக்கம் வராதபோது போடும் மாத்திரை, யாரோ சொல்லி வாங்கிய பொடி உட்பட, ஒரே பையில் போட்டு ஒரே டாக்டர் முன்னால் கொட்டுங்கள். மூன்று டாக்டர் என்றால் ஒரே மருந்து இரண்டு வெவ்வேறு பெயரில் உள்ளே போய்க்கொண்டிருப்பது அபூர்வம் இல்லை. முக்கியமாகக் கேட்க வேண்டியது தூக்க மாத்திரையையும், தூக்கத்தைக் கொடுக்கும் சளி, அலர்ஜி மாத்திரைகளையும் பற்றி. வயதானவர்கள் விழுவதில் இவற்றுக்குப் பெரிய பங்கு உண்டு. ஆனால் பல நாள் போட்ட தூக்க மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் பின்விளைவு மோசமாக இருக்கும். படிப்படியாகக் குறைப்பது டாக்டர் கையில்.

பட்ஜெட்டில் இதற்கு இரண்டு விளைவு. முதல் மூன்று மாதம் மருந்து மாறிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் பின்னால் ஒரு ரத்தப் பரிசோதனையும் ஒரு டாக்டர் சந்திப்பும் வரும். எனவே புதிதாக எழுதிய எந்த மருந்தையும் முதல் தடவை இரண்டு வாரத்துக்கு மேல் வாங்காதீர்கள். மூன்று மாதத்துக்கு மொத்தமாக வாங்கினால் தள்ளுபடி கிடைக்கும், மாத்திரை மாறினால் அந்தத் தள்ளுபடி குப்பைக்குப் போகும். மொத்தக் கொள்முதலைப் பட்டியல் நிலைத்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது விளைவு சின்னது, ஆனால் நிறைய பேர் விட்டுவிடுவது: பல மருந்துகள் 28 நாள் பொட்டலமாக வருகின்றன. அதை 'ஒரு மாத மருந்து' என்று நினைத்து 12ஆல் பெருக்கினால் தவறு. வருடத்துக்கு 13 பொட்டலம் வேண்டும்.

இனி வீடு. உங்கள் கணவரின் எண்ணம் நல்லதுதான், நேரம்தான் சரியில்லை. குளியலறையை இப்போது இடித்தால், அம்மா வந்து இறங்கும் மாதத்தில் வீட்டில் குளியலறை இருக்காது. அதைவிட முக்கியமானது, அவர் எப்படி நடக்கிறார், எந்தக் கையை ஊன்றுகிறார், எதைப் பிடித்து எழுகிறார் என்று உங்களுக்கு இன்னும் தெரியாது. முதலில், அன்றாட வேலைகளைப் பத்திரமாகச் செய்ய வழிகாட்டும் நிபுணரான ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் ஒருவரை ஒருமுறை வீட்டுக்கு வரவழையுங்கள். அம்மா வந்த பிறகு, அவர் நடந்து காட்டும்போது வந்தால்தான் பயன். அந்த ஒரு சந்திப்புக் கட்டணம் தேவையில்லாத பல வேலைகளை நிறுத்திவிடும்.

அம்மா வருவதற்கு முன்பே செய்துவிட வேண்டிய சிறு வேலைகள் இருக்கின்றன. கழிப்பறைப் பக்கத்திலும் குளிக்கும் இடத்திலும் கைப்பிடிக் கம்பி. கிடைமட்டக் கம்பிக்குத் தரையிலிருந்து 84 முதல் 91 செ.மீ. உயரம் பொதுவான அளவு. ஆனால் அம்மாவின் உயரத்துக்கு ஏற்றபடி வைப்பதுதான் சரி, எனவே முடிந்தால் அவர் வந்த அன்றே அளந்து மாட்டுங்கள். கம்பி சுவரின் கெட்டியான பகுதியில் ஆழமாகப் பதிய வேண்டும். துண்டு போடும் கம்பி ஒருபோதும் கைப்பிடி ஆகாது. விழப்போகிறவர் எட்டிப் பிடிக்கும்போது அது சுவரோடு பிடுங்கிக்கொண்டு வரும். மாட்டிய பிறகு உங்கள் கணவரே முழு எடையையும் போட்டுத் தொங்கிப் பார்க்கட்டும். முழங்கால் வலி உள்ளவருக்குக் கழிப்பறை இருக்கை 43 முதல் 48 செ.மீ. உயரம் இருந்தால் எழுவது எளிது. இருப்பதன்மேல் பொருத்தும் உயர்த்தி ஒன்று போதும், புதிதாகக் கட்ட வேண்டியதில்லை. உட்கார்ந்து குளிக்க ஒரு நாற்காலி, கையில் பிடிக்கும் ஷவர், வழுக்காத விரிப்பு.

இரவுக்கு மூன்று பொருள்: கட்டில் பக்கத்தில் கமோட் நாற்காலி, ஆள் அசைந்தால் தானே எரியும் விளக்கு, உங்கள் அறையில் ஒலிக்கும் அழைப்பு மணி. கமோட் நாற்காலியைப் பார்த்ததும் அம்மா முகம் சுளிப்பார். இரவில் மட்டும், காலையில் எடுத்துவிடுவோம் என்று சொல்லிப் பாருங்கள். பெரும்பாலான பெரியவர்களுக்கு அந்த நாற்காலியைவிட, அதை வந்தவர்கள் பார்ப்பதுதான் கூச்சம்.

பெரிய வேலையை நான்காவது மாதத்துக்குப் பிறகு யோசியுங்கள், ஆனால் அதற்கான பணத்தை இப்போதே ஒதுக்குங்கள். அம்மாவின் நடை தேறினால் அது தேவைப்படாமலே போகலாம். சக்கர நாற்காலி வரை போனால் கதவு திறப்பு 81 செ.மீ. அகலமாவது இருக்க வேண்டும். வாசலில் 15 செ.மீ. படி இருந்தால் 1க்கு 12 என்ற சரிவுக் கணக்கில் 180 செ.மீ. நீளச் சாய்வுப் பாதை வேண்டும். இதெல்லாம் தெரியாமல் இன்று அழகாகக் கட்டிய குளியலறைக் கதவை அடுத்த வருடம் உடைக்க நேர்ந்தால், இரண்டு முறை செலவு. கட்டில், சக்கர நாற்காலி போன்றவற்றை முதலில் வாடகைக்கே எடுங்கள். விலையை மாத வாடகையால் வகுத்தால் எத்தனை மாதத்தில் சமமாகும் என்று தெரியும். அத்தனை மாதம் தேவைப்படும் என்று உறுதியானதும் வாங்கலாம்.

இப்போது கணக்கு. இடத்துக்கு இடம் விலை மாறும் என்பதால் உங்கள் பகுதியில் ஒரு பராமரிப்பாளருக்குக் கொடுக்கும் ஒரு நாள் சம்பளத்தை 1 என்று வைத்துக்கொள்கிறேன். இரவு ஆளுக்கும் அதே 1. மருந்துக்கும் வீட்டுக்கும் நான் போடும் எண்கள் உதாரணத்துக்குத்தான். உங்கள் பில்லைப் பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள்.

பகல் ஆளுக்கு வருடத்தில் 260 வேலை நாள். அவருக்கும் காய்ச்சல் வரும், அவர் வீட்டிலும் விசேஷம் இருக்கும். 25 நாள் வரமாட்டார் என்று வையுங்கள். அந்த நாட்களுக்கு அவருக்கும் சம்பளம் கொடுக்கிறீர்கள், மாற்று ஆளுக்கும் கொடுக்கிறீர்கள். ஏஜென்சி மூலம் அவசரத்துக்கு வருபவர் ஒன்றரை மடங்கு கேட்பார். 25ஐ ஒன்றரையால் பெருக்கினால் ஏறக்குறைய 38. ஆக, பகலுக்கு மட்டும் 298. மாற்று ஆளுக்கு நீங்கள் ஒதுக்காத அந்த 38தான் மாதக் கணக்கு போடுபவர்களை வருட நடுவில் திணறடிப்பது. அதோடு, வாரம் 55 மணி நேரம் பல நாடுகளின் சட்டத்தில் ஒருவருக்கான சாதாரண வேலை நேரத்தைத் தாண்டியது. உங்கள் பகுதி விதிப்படி கூடுதல் நேரச் சம்பளம் உண்டா என்று பார்த்துவிட்டு அந்த 1 எவ்வளவு என்று முடிவு செய்யுங்கள்.

இரவு ஆளை வருடம் முழுக்க வைத்தால் 365. நான் ஆறு வாரம் மட்டும் வைக்கச் சொல்வேன்: 42. புது வீடு, புது இருட்டு, எந்தப் பக்கம் கதவு என்று தெரியாத நிலை. முதல் வாரங்களில்தான் விழும் அபாயம் அதிகம், மருந்து திருத்தவும் அந்த நேரம் தேவை. 365க்கும் 42க்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். அதை உண்டாக்குவது ஒரு நோட்டுப் புத்தகம், ஒரு டாக்டர் சந்திப்பு, ஒரு கமோட் நாற்காலி, இரண்டு விளக்கு.

மருந்து ஒரு பொட்டலச் சுற்றுக்கு 6 என்றால் 13 சுற்றுக்கு 78. டாக்டர், பரிசோதனை, சர்க்கரை பார்க்கும் பட்டைகள் எல்லாம் சேர்த்து 30. அதில் பாதி முதல் மூன்று மாதத்திலேயே போய்விடும். சிறு வீட்டு வேலைகளும் தெரபிஸ்ட் கட்டணமும் 43. எல்லாம் கூட்டினால் 491.

இதை மாதவாரியாகப் பரப்பினால்தான் உருவம் தெரியும். முதல் மூன்று மாதத்தில் பகல் ஆள் 74, இரவு ஆள் 42, மருந்து 20, டாக்டரும் பரிசோதனையும் 15, வீடு 43. மொத்தம் 194, அதாவது மாதத்துக்கு 65 போல. மீதி ஒன்பது மாதத்துக்கு 297, மாதம் 33. முதல் காலாண்டில் நீங்கள் பிற்பாடு செலவழிக்கப்போவதைப் போல இரண்டு மடங்கு போகிறது. சராசரி எடுத்து மாதம் 41 என்று ஒதுக்கிய குடும்பம் மூன்று மாதத்தில் 70க்கு மேல் துண்டு விழுந்து, கடன் அட்டைக்குப் போய்விடும். அந்த வட்டி யாருடைய பட்ஜெட்டிலும் இல்லாதது.

இந்த 491க்கு வெளியே இரண்டு ஒதுக்கீடு வேண்டும். பெரிய வீட்டு வேலைக்கு 60. மருத்துவமனை வாசம் ஒன்றுக்கு 45. அம்மா வயதில் ஒரு வாரம் படுக்கையில் இருந்தாலே கால் பலம் குறைந்து, வீடு திரும்பிய பிறகு சில வாரம் மறுபடி இரவு ஆள் தேவைப்படும். மருத்துவமனை பில் இதில் சேராது, அது காப்பீட்டின் பாடு. அம்மாவின் காப்பீடும் ஓய்வூதியமும் முகவரி மாறினால் தடையில்லாமல் வருமா, புதிய இடத்து மருத்துவமனைக்குச் செல்லுமா என்பதைக் கிளம்பும் முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

அண்ணன் பாதி தருவது பெரிய விஷயம், ஆனால் 'பாதி' என்பது எதில் பாதி? முதல் மாதம் 65இல் பாதி கேட்டால் அதிர்ச்சி அடைவார், நீங்களும் கூச்சப்பட்டுக் குறைத்துச் சொல்வீர்கள். அதைவிட, தொடக்கத்திலேயே ஒரு தொகையை அவர் மொத்தமாகப் போட்டுவிடட்டும்: இரவு ஆள், சிறு வீட்டு வேலை, இரண்டு ஒதுக்கீடுகள். கூட்டினால் 190. மாதாமாதம் வருபவை உங்கள் பொறுப்பு. 491உடன் 60, 45 சேர்த்தால் 596, அதில் பாதி 298. மீதி 108ஐ நான்காவது மாதத்திலிருந்து அவர் மாதம் 12 வீதம் அனுப்பினால் கணக்கு நேராகும். அண்ணன் இரண்டு வாரம் லீவு போட்டு வந்து அம்மாவோடு இருந்தால், மாற்று ஆள் தேவைப்படும் பத்து வேலை நாட்கள் நிரம்பும். அது 15க்குச் சமம், அதை அவர் பங்கிலேயே கழித்துக்கொள்ளுங்கள்.

அம்மாவின் ஓய்வூதியம் தனிக் கணக்கிலேயே இருக்கட்டும். அதிலிருந்து அவருடைய மருந்து வாங்கப்படட்டும், அவருக்கே கையில் கொஞ்சம் இருக்கட்டும். ஓய்வூதியம் மருந்துச் செலவை எவ்வளவு ஏற்கிறதோ அதைக் கழித்த மீதியைத்தான் நீங்களும் அண்ணனும் பிரித்துக்கொள்ள வேண்டும்.

ஆறாவது வாரம் முடியும்போது முடிவெடுக்க ஓர் அளவு வைத்துக்கொள்ளுங்கள். கடைசி பத்து இரவில் அம்மா இரவுக்கு ஒருமுறை அல்லது அதற்குக் குறைவாக எழுந்திருக்கிறாரா, எழும்போது மணி அடிக்கிறாரா அல்லது கமோட் நாற்காலியைத் தானே பத்திரமாகப் பயன்படுத்துகிறாரா, நின்றால் ரத்த அழுத்தம் விழாமல் இருக்கிறதா என்று இரவு ஆளையே எழுதிவைக்கச் சொல்லுங்கள். மூன்றும் சரி என்றால் முதலில் ஒன்றுவிட்டு ஓர் இரவு, அடுத்த வாரம் முழுவதுமாக ஆளை நிறுத்தலாம். மணியை மறந்து எழுகிறார், இருட்டில் எங்கே இருக்கிறோம் என்று குழம்புகிறார் என்றால், அது சிறுநீர்ப் பிரச்சினையைத் தாண்டியது. நினைவாற்றல் பரிசோதனை வேண்டும், இரவு ஆளும் தொடர வேண்டும். அப்போது பெரிய வீட்டு வேலைக்கு வைத்த 60ஐத் தொட்டு அடுத்த இரண்டு மாத இரவுகளைச் சமாளியுங்கள். குளியலறை அடுத்த வருடம் வரை காத்திருக்கட்டும். அந்த இரண்டு மாதத்துக்குள் வார இரவுகளை உங்களுக்கும் ஆளுக்கும் எப்படிப் பிரிப்பது என்று அண்ணனையும் வைத்துக்கொண்டு புதுக் கணக்கு போடுங்கள்.